இல்லமும் நலமும்: மூச்சுத் திணறும் தந்தையும் கூடிப் பேசும் குடும்பமும்

தங்கவயலில் விடியற்காலையில் லைன் வீடுகளின் வழியே நடந்து செல்வோர் இருமல் ஒலியைக் கேளாதிருத்தல் அரிது. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. ஆயினும் அதனுள் இறங்கி உழைத்தோரின் நெஞ்சினுள் சென்ற தூசி அன்றோடு வெளியேறிவிடவில்லை. பொன் தாங்கிய பாறை வெண்கற்பாறை. அதனைத் துளையிடும்போது எழும் நுண்தூசி நுரையீரலின் ஆழத்திற்குச் சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றது. தூசி நின்ற பின்னரும் தழும்பு வளர்வதுண்டு. 1940-ஆம் ஆண்டுகளில் இவ்வயலின் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய் காணப்பட்டது. அந்தத் தழும்பை நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

இந்நோய் முற்றிய ஒருவரின் வீட்டாரை மருத்துவர் ஒருநாள் அழைத்து, “குடும்பத்தார் எல்லோரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்” என்பார். அந்த அழைப்பைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் கலங்குகிறது. எதற்காகப் பேசுவது, எதைக் கேட்பது, எதைக் கேட்கலாகாது என்பது தெரிவதில்லை. அக்கூட்டத்தில் நிகழ்வது என்ன, அதற்குச் செல்வோர் எவற்றை எண்ணிச் செல்லவேண்டும் என்பதை இம்மாதம் அன்பர்களுடன் கலந்துரையாடுவோம்.

நாம் கூறப்போகும் குடும்பம் ஒரே இல்லத்தின் வரலாறு அன்று. பல இல்லங்களில் நிகழ்வனவற்றை ஓரில்லமாகத் தொகுத்துக்கொண்டோம். ஆகவே எவருடைய பெயரையும் குறிக்கவில்லை.

தந்தைக்கு வயது எழுபத்து நான்கு. இருபத்தெட்டு ஆண்டுகள் நிலத்தடியில் துளைப்பொறி பிடித்தவர். ராபர்ட்சன்பேட்டையில் தம் மனைவியோடு வாழ்கின்றார். மூத்த மகன் அதிகாலை மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை செய்து இரவில் திரும்புபவன். இளைய மகன் மஸ்கட்டில் இருக்கின்றான். மகளை வாணியம்பாடியில் கொடுத்திருக்கின்றனர். ஐந்து மாதத்தில் மூன்று முறை தந்தையை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பினார், ஆனால் முன்பிருந்த நிலைக்குத் திரும்பவில்லை. முதல் முறைக்குப் பின் தெருமுனை வரை நடந்தார். இரண்டாம் முறைக்குப் பின் வாசல் வரை நடந்தார். மூன்றாம் முறைக்குப் பின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் செல்வதற்கே பத்து நிமிடம் ஓய்வு வேண்டியிருந்தது. இவ்வாறு படிப்படியாக இறங்கும் போக்கே நோய் எங்கே நிற்கிறது என்பதை ஸ்கேன் படத்தினும் தெளிவாகக் காட்டும். மருத்துவரிடம் சொல்லவேண்டிய முதற்செய்தியும் இதுவே.

கூட்டத்திற்கு முன் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, நோயாளியையே கேட்பது. நம் இல்லங்களில் பெரும்பாலும் இது நடப்பதில்லை. “அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்” என்று பிள்ளைகள் மருத்துவரின் காதில் ஓதுகின்றனர். தந்தையோ பிள்ளைகள் வருந்துவார்களே என்று தம் மனைவியிடம் மட்டும் பேசுகின்றார். இரு சாராரும் ஒருவரையொருவர் காக்க எண்ணி ஒருவரிடமிருந்து ஒருவர் மறைந்துகொள்கின்றனர். இக்குடும்பத்தில் மகள்தான் முந்தைய ஞாயிறன்று தந்தையின் அருகில் அமர்ந்து, “அப்பா, டாக்டர் உங்கள் நோயைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொல்வதை நீங்களும் கேட்க விரும்புகிறீர்களா, அல்லது நாங்கள் கேட்டு வந்து சொல்லவா?” என்று வினவினாள். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “நானும் வருகிறேன். சுரங்கத்தில் என்னோடு இருந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தவன் நான். எனக்குத் தெரியாததா?” என்றார். கேட்டால்தான் இவ்விடை கிடைக்கும். “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்” என்று ஒருவர் கூறினால் அதுவும் அவருடைய விருப்பமே. அதனையும் மதிக்கவேண்டும்.

இரண்டாவது, குடும்பத்தின் சார்பில் பேசுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. மூத்தவர்தான் அவராக இருக்கவேண்டும் என்பதில்லை. நோயாளியின் உள்ளத்தை நன்கு அறிந்தவரும், பிறருக்குச் செய்தியைத் திரிக்காமல் சொல்லக் கூடியவருமே பொருத்தமானவர். வெளிநாட்டில் இருக்கும் மகனை ஒதுக்கிவிடுதல் கூடாது. கூட்டம் நடக்கும் வேளையில் அவனைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாத இடங்களில், தூரத்திலிருக்கும் மகன் பத்து நாள் கழித்து விமானத்தில் வந்திறங்கி, எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவை ஒரே சொல்லில் கலைத்துவிடுவதுண்டு. அது அவன் குற்றமன்று. பிறர் ஐந்து மாதமாகக் கண்ட இறக்கத்தை அவன் காணவில்லை.

மூன்றாவது, காகிதங்கள். மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது தந்த குறிப்புகள், சளிச் சோதனை முடிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும். சளிச் சோதனை இங்கே மிக முக்கியம். தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடிபுகும். அதற்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். அதற்கும் குழாயிட்டு வெளியேற்றும் சிகிச்சை உண்டு. இவ்விரண்டும் இல்லையென உறுதி செய்யாமல் “இது தூசி நோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று முடிவுகட்டுதல் தவறாகும். நம் குடும்பத்தில் மருத்துவர் இரண்டையும் சோதித்து, இரண்டும் இல்லை என்று கண்டபின்னரே கூட்டத்தை அழைத்தார்.

இனிக் கூட்டத்தினுள் செல்வோம்.

நல்ல மருத்துவர் தாமே முதலில் பேசத் தொடங்கமாட்டார். “இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்பார். இது சோதனைக் கேள்வி அன்று. அவரவர் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வதற்காக அவ்வாறு கேட்கின்றார். அன்று தாய், “சளி கட்டியிருக்கிறது, கரைந்தால் சரியாகிவிடும்” என்றார். மூத்த மகன், “ஆக்ஸிஜன் மெஷினைப் பெரிதாக வாங்கினால் போதும் என்று நினைத்தோம்” என்றான். தந்தையோ, “குழி மூடுகிற மாதிரி நெஞ்சு மூடுகிறது” என்றார். ஒரே வீட்டில் மூன்று நோய்கள் இருந்தன. மருத்துவர் மூன்றையும் கேட்டபின் தம் செய்தியைக் கூறினார்: “நான் சொல்லப்போவது நல்ல செய்தி அல்ல. ஐயாவின் நுரையீரலில் உள்ள தழும்பு பெருகிவிட்டது. சளி கரைவதால் அது கரையாது. பெரிய மெஷினாலும் அது திறக்காது.”

இதன் பின்னர் சற்று மௌனம் நிலவியது. அம்மௌனத்தை எவரும் பேச்சினால் நிரப்பவேண்டியதில்லை. அழுகை வந்தால் அழவேண்டும். அழுது முடியுமுன் கூறப்படும் எச்செய்தியும் காதில் ஏறாது.

அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி காலத்தைப் பற்றியது. “எத்தனை நாள்?” என்று கேட்டால் எந்த மருத்துவரும் திகைப்பார். இந்நோயில் நாள் குறிக்க இயலாது. இறக்கம் மெதுவாகவும் இருக்கலாம், ஒரு காய்ச்சலில் திடீரென முடியவும் கூடும். ஆகவே, “ஆண்டுகளில் எண்ணலாமா, மாதங்களிலா, வாரங்களிலா?” என்று கேட்க வேண்டும். மகள் அவ்வாறே கேட்டாள். “மாதங்கள் என்று எண்ணுகிறேன். ஆனால் சில மாதங்கள்தாம். இன்னொரு காய்ச்சல் வந்தால் வாரங்களாகவும் சுருங்கலாம்” என்றார் மருத்துவர். இச்சொல்லின் பயன் பின்னர் விளங்கும்.

அடுத்து அவர் நோயை விட்டுவிட்டு மனிதரிடம் வந்தார். “ஐயா, இருக்கும் காலத்தில் உங்களுக்கு எது முக்கியம்? எதை நினைத்து அஞ்சுகிறீர்கள்?” என்று கேட்டார். கூட்டத்தின் அச்சாணி இதுவே. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பது இதற்குக் கிடைக்கும் விடையிலிருந்து பிறக்கவேண்டும். தந்தை நிறுத்தி நிறுத்திக் கூறினார். பேத்தியின் காதுகுத்தைக் காணவேண்டும். அது தை மாதத்திற்கு வைத்திருக்கிறார்கள். தம் வீட்டில், தம் கட்டிலில், வாசற்கதவு தெரியும்படி படுத்திருக்கவேண்டும். அவர் அஞ்சுவது இறப்பையன்று, மூச்சு முட்டித் தவிப்பதையே. “கீழே ஒருமுறை பாறை வெடித்துப் புகையில் மாட்டிக்கொண்டேன். அந்த மாதிரி போகக்கூடாது” என்றார்.

அப்போது தொலைபேசியிலிருந்து மஸ்கட் மகனின் குரல் எழுந்தது. “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர். எல்லாவற்றையும் செய்யுங்கள்” என்றான். இச்சொல் கேட்காத கூட்டம் அரிது. இதற்கு மறுப்புரைத்தல் பயனற்றது. மருத்துவர், “தம்பி, அப்பாவுக்காக எல்லாம் செய்யத்தான் நாங்களும் இருக்கிறோம். ‘எல்லாம்’ என்று நீங்கள் சொல்வதில் எவை எவை உள்ளன என்று பிரித்துப் பார்ப்போமா?” என்றார். பின் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்.

தொண்டை வழியே குழாய் செலுத்தி இயந்திரத்தால் மூச்சுவிடச் செய்வது ஒன்று. காய்ச்சலாலோ விபத்தாலோ ஒருவருடைய நுரையீரல் சில நாள் தளர்ந்து பின் தேறும் என்றால், இயந்திரம் அந்த நாட்களைக் கடத்திவிடும் பாலமாகும். இங்கே பாலத்தின் மறுகரை இல்லை. தழும்பு தேறாது. ஆகவே குழாயை இட்டபின் எடுக்க இயலாத நிலை வருவதற்கே வாய்ப்பு மிகுதி. பேச இயலாது, மயக்க மருந்து வேண்டும், வீட்டார் சிலமணித்துளிகளே காண இயலும். தந்தை கூறிய மூன்று விருப்பங்களும் அதனால் நீங்கிவிடும். இருதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தும் சிகிச்சைக்கும் இந்நிலையில் இதே வரம்பு உண்டு.

முகத்தில் மூடி பொருத்தி அழுத்தமாகக் காற்றைச் செலுத்துவது மற்றொன்று. இது அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் மூடி சிலருக்குத் தவிப்பையே மிகுவிக்கும். இதனை வேண்டும் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்காமல், காலவரம்பிட்டுச் செய்து பார்க்கலாம். “திடீரெனக் காய்ச்சல் கண்டு மூச்சு முட்டினால் இரண்டு நாள் மூடியும் மருந்தும் கொடுத்துப் பார்ப்போம். மூச்சின் வேகம் குறைந்து, விழித்துப் பேசத் தொடங்கினால் தொடர்வோம். குறையாமல், மயக்கம் கூடினால், அல்லது அவரே வேண்டாமென்றால் மூடியை எடுத்துவிட்டு ஆறுதல் சிகிச்சைக்கு வருவோம்” என்று அவர் கூறினார். இவ்வாறு செய்வதாயின் நாள், அடையாளம், நிறுத்தும் நிலை ஆகிய மூன்றையும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். இவை வரையறுக்கப்படாவிடின் இரண்டு நாள் இருபது நாளாகும். எவருக்கும் நிறுத்தத் துணிவு வாராது.

தந்தை, மூடியை மட்டும் ஒருமுறை பார்க்கலாம் என்றார். குழாய் வேண்டாம் என்று கையசைத்தார். மருந்தினால் தீரக்கூடிய காய்ச்சலுக்கு மருந்து, நீரிழிவு மாத்திரை, ஆக்ஸிஜன் ஆகியவை தொடரும். ஆறுதல் சிகிச்சை என்றால் மருத்துவம் கைவிடப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். எதைச் செய்தால் அவருடைய நாள் நன்றாகக் கழியுமோ அதனைச் செய்து, எதைச் செய்தால் துன்பம் மட்டும் நீளுமோ அதனை விடுவதே ஆறுதல் சிகிச்சை. சிகிச்சையின் அளவு குறைவதில்லை, குறி மாறுகின்றது.

இதற்குப் பின் தாய் கேட்ட கேள்வி எல்லோருடைய உள்ளத்திலும் இருந்ததே. “அந்தக் குழாய் போடவில்லையென்றால் நாம் அவரைச் சாகவிட்டதாகாதா?” என்றார். மருத்துவர், “அம்மா, அவரை எடுத்துச் செல்வது தூசி. நாம் இங்கே முடிவு செய்வது அந்த வழியில் அவர் எப்படிச் செல்வார் என்பதைத்தான்” என்று விடையிறுத்தார். மஸ்கட் மகனிடம், “உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பா பேச இயலாமற் போனால், அவர் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?” என்றார். அவன் நெடுநேரம் கழித்து, “வீட்டுக்குக் கூட்டிப் போ என்பார்” என்றான். இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேற்றுமையை அன்பர்கள் நோக்கவேண்டும். முதற்கேள்வி பிள்ளையின் தலையில் ஒரு பாரத்தை ஏற்றுகின்றது. இரண்டாவது, தந்தையின் சொல்லைச் சுமந்துவருபவனாக அவனை ஆக்குகின்றது.

இனி, மூச்சுத் தவிப்பை எவ்வாறு தணிப்பது என்பதைக் காண்போம். தந்தையின் அச்சம் அதுவாகையால் கூட்டத்தின் பாதி நேரம் இதற்கே சென்றது.

முதலில் மருந்தல்லாதவை. முன்னே சாய்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு அமர்தல், கதவைத் திறந்து முகத்திற்கு நேரே சிறு மின்விசிறியை வைத்தல், அறையில் கூட்டத்தைக் குறைத்தல். முகத்தில் படும் காற்றோட்டம் மூச்சுத் தவிப்பு உணர்வை உண்மையாகவே குறைக்கின்றது.

ஆக்ஸிஜன் இரண்டாவது. விரலில் மாட்டும் கருவியில் 98 காண வேண்டுமென்று வீட்டார் திருகைத் திருப்பிக்கொண்டே போகின்றனர். நாட்பட்ட நுரையீரல் நோயாளர் பலருக்கு இது தீங்கு. உடலில் கரியமிலவாயு தேங்கி, உறக்கமும் குழப்பமும் மிகலாம். இத்தகையோருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் வரையறுப்பதுண்டு. தம் நோயாளிக்கு உரிய எண் எது என்று கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள ஆக்ஸிஜன் இயந்திரம் மின்சாரத்தால் இயங்குவது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சிறு சிலிண்டராவது வேண்டும். அந்த அறையில் பீடி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. சாமிப்படம் அவ்வறையில் இருந்தால் விளக்கை வேறு அறைக்கு மாற்றவேண்டும்.

மூன்றாவது மார்ஃபின். அப்பெயரைக் கேட்டதும் மூத்த மகன், “அது கடைசியில் கொடுக்கிற மருந்தல்லவா? மூச்சை நிறுத்திவிடும் என்கிறார்களே?” என்றான். மருத்துவர் விளக்கினார். வலிக்கு மட்டுமன்று, மூச்சுத் தவிப்புக்கும் இது சிறிய அளவில் கொடுக்கப்படுகின்றது. முதியவருக்கு 2.5 மில்லிகிராமில் வாய்வழியே தொடங்குவர். அது 10 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. நான்கு மணிக்கு ஒருமுறையோ, தேவையானபோதோ கொடுத்து, பார்த்துப் பார்த்துக் கூட்டுவர். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னும் இடைவெளி விடுவர். இவ்வாறு மெதுவாக ஏற்றினால் மூச்சு நிற்பதில்லை. தவறாக அளவு மிகுந்தால் முதலில் காணும் அடையாளம் எழுப்பினாலும் விழிக்காத உறக்கம். அதைக் கண்டால் அடுத்த வேளையை நிறுத்தி மருத்துவரை அழைக்கவேண்டும். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் தவறாது வரும். ஆகையால் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். இம்மருந்து எல்லோருக்கும் பயன் தருவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சில நாள் கொடுத்துப் பார்த்து, தவிப்புக் குறையாவிடின் விட்டுவிட வேண்டியதுதான்.

மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. 2014-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் அனுமதி முறை எளிதாயிற்று, எனினும் அங்கீகாரம் பெற்ற நிலையங்களே அதனை வைத்திருக்கின்றன. எந்த நிலையத்தில், யாரிடம், எத்தனை நாளுக்கொருமுறை பெறவேண்டும் என்பதைக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளாவிடில், ஞாயிற்றுக்கிழமை இரவில் மாத்திரை தீரும். பெங்களூரில் கருணாஸ்ரயா போன்ற இல்லங்கள் கட்டணமின்றி நோயாளரைத் தங்கவைத்துப் பேணுகின்றன. ஆனால் அது முற்றிய புற்றுநோயாளருக்கென எழுந்தது. நுரையீரல் நோயாளரின் வீட்டார் இத்தகைய இடங்களை நம்பியிருக்குமுன் தம்மைச் சேர்ப்பார்களா என்று முன்கூட்டிக் கேட்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு சொல். உயிர்காக்கும் இயந்திரங்களை மறுக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. தெளிந்த அறிவோடு இருப்பவர் தாமே வேண்டாமெனலாம். பிற்காலத்தில் பேச இயலாமற் போனால் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டி எழுதியும் வைக்கலாம். 2023 ஜனவரி 24-ஆம் நாள் அம்முறை எளிதாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவு கூற வேண்டியவர் இன்னார் என்று அதில் குறிக்கவேண்டும். இதனை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரி 30-ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. பேச இயலாத ஒருவர் மருத்துவமனையில் இயந்திரத்தில் இருக்கும்போது அதனை நீக்குவதற்கு இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பவேண்டும். இயந்திரத்தில் ஏற்றுமுன்பே பேசி முடிவு செய்தால் இத்தனை படிகள் எழா. நம் தந்தையின் தாளை மூத்த மகன் மறுவாரமே எழுதுவித்துக் கையொப்பம் பெற்றான்.

கூட்டம் முடிந்துவிட்டது என்று எழுந்திருக்குமுன் ஒரு சோதனை உண்டு. “வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்?” என்று மருத்துவர் ஒவ்வொருவரையும் கேட்டார். நால்வரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்களாயின் கூட்டம் நன்கு நடந்தது. ஒருவர் “மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள், தேறிவிடும்” என்றும், மற்றொருவர் “கைவிட்டுவிட்டார்கள்” என்றும் சொன்னால் மீண்டும் உட்காரவேண்டும். அன்று தாயின் விடை சற்று விலகியிருந்தது. ஆகவே அவர்கள் மேலும் பத்து நிமிடம் பேசினர்.

பேசியதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கையொப்பம் பெற்றுக் கட்டிலுக்கு மேலே ஒட்டினர். இதனை விட்டுவிடுவதே பெரும்பாலான இல்லங்களில் நிகழும் பிழை. நள்ளிரவில் மூச்சு முட்டும்போது யாரோ ஆம்புலன்சை அழைக்கின்றனர். வந்தவருக்கு முன்பேச்சு ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் எவரும் விரும்பாத குழாய் தொண்டையில் இருக்கும். இக்குடும்பத்தின் தாளில் ஐந்து செய்திகள் இருந்தன. நோயின் பெயர், எவை செய்யவேண்டும், எவை வேண்டா என்பது, தவிப்பு மிகுந்தால் கொடுக்கவேண்டிய மருந்தும் அளவும், இரவில் அழைக்கவேண்டிய இருவரின் தொலைபேசி எண், வீட்டில் உயிர் பிரிந்தால் இறப்பின் காரணத்தைச் சான்றிடும் மருத்துவர் யார் என்பது. கடைசியானதைக் கேட்க நா எழாது. எனினும் கேட்கவேண்டும். இறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. சான்று தருவாரின்றித் துயரத்தினிடையே அலைந்தோரை நாம் கண்டிருக்கிறோம்.

“சில மாதங்கள், வாரங்களாகவும் சுருங்கலாம்” என்ற சொல்லின் பயன் இப்போது விளங்கும். தை மாதத்திற்கு அப்போது நான்கு மாதம் இருந்தது. வாணியம்பாடி மகள் அன்றிரவே தன் மாமியாரிடம் பேசி, காதுகுத்தை ஐப்பசியில், ராபர்ட்சன்பேட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். தந்தை நாற்காலியில் அமர்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். மஸ்கட் மகனும் அதற்கென விடுப்பெடுத்து வந்தான். காலத்தைப் பற்றிக் கேளாதிருந்தால் இது நடந்திராது.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. பேசி வைத்தபடி இரண்டு நாள் மூடி பொருத்திப் பார்த்தனர். மூச்சு தணியவில்லை. மயக்கம் கூடியது. மூடியை எடுத்துவிட்டு அவரை வீட்டிற்குக் கொண்டுவந்தனர். விழுங்க இயலாததால் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்த செவிலியர் ஒருவர் வந்துபோனார். உண்பது நின்றது. “பட்டினி போடுகிறோமே” என்று தாய் கலங்கினார். இறுதி நாட்களில் உடலே உணவை வேண்டாததையும், குளுக்கோஸ் ஏற்றினால் நெஞ்சில் நீர் கோத்துத் தவிப்பு மிகக் கூடியதையும் செவிலியர் விளக்கினார். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கும் வேலையைத் தாயிடம் கொடுத்தார். கடைசி இரவில் தொண்டையில் கரகரவென்று ஓசை எழுந்தது. அது கேட்போருக்குத்தான் கொடிது, நினைவிழந்தவருக்கு அது தவிப்பன்று. ஒருக்களித்துப் படுக்கவைத்தபின் ஓசை குறைந்தது. மூத்த மகன் ஆம்புலன்சுக்காகத் தொலைபேசியை எடுத்தான். சுவரிலிருந்த தாளைப் பார்த்தான். அதிலிருந்த எண்ணை அழைத்தான். மருத்துவர் சொன்னபடி ஒரு வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு, வாசற்கதவைத் திறந்து வைத்தான். விடியற்காலை ரயில் புறப்படும் நேரத்தில் தந்தையின் மூச்சு அடங்கியது.

கூட்டத்திற்குச் செல்லும் அன்பர்கள் எடுத்துச் செல்லவேண்டிய கேள்விகளை ஈற்றில் தொகுத்துரைக்கின்றோம். தீரக்கூடியது ஏதேனும் எஞ்சியிருக்கிறதா? ஆண்டா, மாதமா, வாரமா? நோயாளிக்கு எது முக்கியம், எது அச்சம்? இந்தச் சிகிச்சை அவர் விரும்பும் இடத்திற்கு அவரைக் கொண்டுசேர்க்குமா? செய்து பார்ப்பதாயின் எத்தனை நாள், எந்த அடையாளம் கண்டால் நிறுத்துவது? தவிப்புக்கு என்ன மருந்து, எங்கே கிடைக்கும்? இரவில் யாரை அழைப்பது? இவற்றிற்குரிய விடைகளை ஒரே தாளில் எழுதிக்கொண்டு வீடு திரும்புக. அத்தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டாம். கட்டிலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டுக.